வாசல் ஆணி

சிதம்பரம் பக்கத்து மீனவ ஊரில், புகையை அளக்க இருசம்மாள் கழுத்தில் நான் மாட்டிவிட்ட கருவி மறுநாள் வாசல் ஆணியில் தொங்கியது. அவரோ காலி சிலிண்டருக்குப் பக்கத்தில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"கரி படும்னு மாட்டி வெச்சேம்மா. தெருவுல எல்லாரும் அப்பிடித்தான்."

இலவச கேஸ் இணைப்பு மட்டும் கிடைத்த ஊர் அது. சிலிண்டர் நிரப்பவும் மானியம் கிடைத்த ஊரோடு அதை ஒப்பிடுவதுதான் எங்கள் ஆய்வு. மறுபடி அளக்கச் சோம்பல்பட்ட தண்டம் நான், வாசல் காற்றையே அவர்கள் சுவாசித்த காற்றாக எழுதினேன். இரண்டு ஊரிலும் புகை ஒரே அளவுதான், மானியம் தேவையில்லை என்று கடலூர் அதிகாரிகள் கூட்டத்தில் முடிவானது.

ஆறு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறலோடு கிடந்த இருசம்மாள் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக் கேட்டார்:

"ஒங்க மிஷினுல கரி ஒண்ணும் படலியேம்மா?"