பாய்லர் பக்கத்துச் சுவர்

அண்ணியைத் தையல் வேலையை விடவைத்து, என்னோடு துப்புரவுத் தொழிலுக்கு இழுத்துவந்தவள் நான். அன்று அந்த விடுதிச் சமையலறையில் ஒரே ஒரு சுவரைச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். பதினொரு மணிக்கு மேலாளரம்மா வந்து பார்ப்பார். பிடித்துப்போனால் மாதாமாதம் வேலை. இல்லாவிட்டால் அண்ணி பழைய முதலாளி முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் கத்துவேன், என் குணம் அப்படி.

சுவருக்கு ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் வெந்நீர் பாய்லர். நடுவில் இருப்பது வெள்ளை டைல்ஸ் என்றார்கள். சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

"இது எண்ணெய்ப் பிசுக்கு. சுடுதண்ணியில சலவை சோடா கரைச்சுப் போடலாம்" என்றார் அண்ணி.

"கண்ணைத் தொறந்து பாருங்க அண்ணி. சொரசொரன்னு உப்பு படிஞ்சிருக்கு. பாய்லர் ஆவி பண்ண வேலை. இதுக்கு ஆசிட்தான். சோடாவுக்கெல்லாம் அது அசைஞ்சே கொடுக்காது."

சொன்ன கையோடு சிட்ரிக் ஆசிட் கரைசலைத் தெளித்தேன். அது முத்துமுத்தாகத் திரண்டு, சுவரில் ஒட்டாமல் வழிந்து போனது. அண்ணி தன் பாட்டுக்கு வாளியில் சோடாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சோடாத் தண்ணீரைப் பூசிப் பத்து நிமிஷம் ஊறவைத்தார். தேய்த்ததும் பிசுக்கு பழுப்பாகக் கரைந்து இறங்கியது. அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவம்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" ஈரம் காய்வதற்குள் ஆசிட்டை அடித்தேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது. "கரையுது அண்ணி, கரையுது!" என்று குதித்தேன்.

நுரை அடங்கியது. துடைத்தேன். உப்பு இம்மிகூட நகரவில்லை. மணி பத்தரை.

அண்ணி கையுறையோடு சுவரைத் தடவினார். வழவழவென்று இருந்தது. "சோடா இன்னும் சுவர்லயே இருக்குடி. உன் ஆசிட் அதோட மல்லுக்கட்டியே தீந்துபோச்சு. உப்புக்கு எங்க மிச்சம்?"

நான் கத்தவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வழவழப்பு போகும்வரை நாலு வாளி ஊற்றிக் கழுவினோம். மறுபடி ஆசிட் தெளித்தேன். இந்த முறை பெரிய ஆர்ப்பாட்டமில்லை. படிவத்தின் மேலேயே பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன. ஊறவிட்டுத் தேய்க்கத் தேய்க்க உப்பு மாவாக உதிர்ந்தது. கழுவித் துடைத்தபோது டைல்ஸில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது.

மேலாளரம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசத்துலேருந்து வந்துடுங்க. உங்கள்ல யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

எல்லா இடத்திலும் "நான்தான்" என்று முந்திக்கொள்கிற வாய் இது.

"அண்ணிதாங்க" என்றேன்.