மொட்டை மாடியில் டிஷ் பூட்ட அனுமதி

சுபைறா கடிதத்தை நல்லாத்தான் எழுதியிருந்தா. “கனம் செயலாளர் அவர்களுக்கு, பாரிசவாதத்தில் படுத்திருக்கும் என் கணவர் அப்துல் கபூர் இந்த ஹஜ்ஜை டிவியில் நேரடி ஒளிபரப்பாகப் பார்க்க ஆசைப்படுகிறார். எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது. டிஷ் மேற்கு வானத்தைப் பார்க்க வேண்டுமாம். பொது மொட்டை மாடியில் ஒன்று பூட்ட அனுமதி தரவும். தளம் ஒழுகினால் திருத்துவது எங்கள் பொறுப்பு.”

சுனாமி வீட்டுத்திட்டத்து மாடிவீடுகளின் சங்கச் செயலாளர் காலிதீன் அதை வாசித்த கையோடு ஏலாது என்றார். மனுசன் பொல்லாதவர் இல்லை. கடல் திரும்பவும் வந்தால் சனம் ஓடி ஏற இருக்கிற ஒரே இடம் அந்த மாடி. அங்கே உடுப்புக் கொடி கட்டவும் விடமாட்டார். பெண்சாதி சபூறாவைக் கடலுக்குக் கொடுத்தவரோடு அதைப் பற்றி யார்தான் வாதாடுவது?

சுபைறா மேல்மாடிக் குடும்பங்களின் சம்மதத்தோடு திரும்பி வந்தா.

“தளத்தைத் துளைக்க மாட்டம் செயலாளர் காக்கா. காலூண்டி, கல்லுப் பாரம் வைப்பம்.”

“இருட்டில ஓடி வாற பிள்ளைகள் அதில தடுக்கி விழுந்தா?”

“ஹஜ்ஜுக்குச் சேர்த்ததெல்லாம் கடலோட போயிட்டு. இனி அவருக்குப் போகவும் ஏலா. கண்ணால எண்டாலும் பாக்கட்டுமே.”

“கமிட்டி கூடட்டும், பாப்பம்.”

கமிட்டியைக் கூட்ட வேண்டியவர் அவர்தான். கூட்டவில்லை. நாட்டில் யுத்தம் முடிந்த வருசத்து ஹஜ் மாசம் அப்படியே வந்தது; ஹஜ்ஜின் முக்கிய நாளான அறபா நாளும் போனது.

பெருநாள் முடிந்த கையோடு மாடித் தாங்கியில் தண்ணி நின்றுபோனது. குழாய்க்காரன் வரவில்லை. காலிதீனே ஏறினார். கண்ணில் எண்ணெய் ஊற்றிக் காத்த அந்த மாடிக்கு அவர் ஒரு நாளும் ஏறினதில்லை. ஏறினால் கடல் முழுசாகத் தெரியும். அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கடலை மறைத்து நின்ற தாங்கி அறையின் மேற்குச் சுவர் வெறுமையாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே டிஷ்ஷைப் பூட்டினால் ஓடுகிற ஒருவர் காலிலும் படாது, தளத்தில் ஒரு ஓட்டையும் விழாது. சீ, இதைப் பார்க்காமலா மறுத்தேன் என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

இறங்கிவந்து கடிதத்தில் கையெழுத்து வைத்து, கபூரின் கட்டிலடிக்குக் கொண்டுபோனார்.

“பிழை என்னிலதான் மச்சான். மேல ஏறிப் பாக்காமலே மறுத்துப்போட்டன். நாளைக்கே பூட்டுவம். அடுத்த ஹஜ்ஜைப் பாக்கலாம், இன்ஷா அல்லாஹ்.”

கபூர் கோணிய வாயால் சிரித்தார்.

“ஓம், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும் நான் இரிப்பன் எண்டும் அதில ஒரு வரி எழுதித் தாங்களன்.”

பகிடியாகத்தான் சொன்னார். சுபைறா தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனா. காலிதீனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.