இரண்டாவது முகவரி

கிடங்கம்மா என்றால் அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிரித்துப் படிப்பது, நோயாளிகளின் பெயரைச் சரிபார்ப்பது என்று தாங்களே எழுதிய நிரல் தொகுப்புகளை வெளியார் கண்ணில் படாமல் வைத்திருக்கத் தனி சர்வர் ஒன்று இருந்தது. அதற்குக் கிடங்கு என்று பெயர் வைத்தவளும் ஏழு வருடமாகக் காத்து வந்தவளும் அவள்தான்.

அன்று காலை பதினொரு மணிக்கு, முடிவுகளைப் படிக்கும் தொகுப்பை எழுதியவர் அவள் மேசைக்கு வந்தார்.

"நம்ம தொகுப்புக்கு தொண்ணூத்தொம்பதாவது பதிப்பு நீங்க போட்டீங்களா?"

"இல்லையே. கடைசியா போட்டது ரெண்டு புள்ளி நாலு."

"பில்டு மெஷின் லாக்ல தொண்ணூத்தொம்பதுன்னு இருக்கு."

கிடங்கைத் திறந்து பார்த்தாள். அங்கே அப்படி எதுவும் இல்லை. தொகுப்புகளை ஒன்றுசேர்த்து மென்பொருளாக்கும் பில்டு மெஷினின் அமைப்புக் கோப்பைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன் கிடங்கின் சேமிப்பு வட்டு நிரம்பிப் போய் வேலை நின்றது. வெளித் தொகுப்புகளும் கிடங்கின் வழியாகவே வர வேண்டும் என்பது அவளே வைத்த விதி. ஆனால் மேனேஜர் தலைமேல் நின்றதால், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தொகுப்புகளைப் போடவும் எடுக்கவும் கூடிய பொதுக் களஞ்சியத்தின் முகவரியையும் கோப்பில் இரண்டாவதாகச் சேர்த்தாள். வட்டைச் சரிசெய்த பிறகு அந்த வரியை எடுக்க மறந்தாள். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தால், பதிப்பு எண் பெரிதாக இருப்பதைத்தான் மெஷின் எடுக்கும். தொகுப்பின் பெயர் அலுவலகத்தில் யாரோ உதவி கேட்டு ஒரு இணைய மன்றத்தில் ஒட்டிய பிழைச் செய்தியில் இருந்தது. அதைப் பார்த்த எவனோ அதே பெயரில், பெரிய எண்ணோடு, பொதுக் களஞ்சியத்தில் ஒன்றைப் போட்டிருக்கிறான். நிறுவும்போதே அதன் நிரல் ஓடி, மெஷினில் இருந்த, கூடங்களின் தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொற்களை வாரிக்கொண்டு போயிருந்தது. நான்கு நாளாயிற்று.

மெஷினை வலையிலிருந்து துண்டித்தாள். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினாள். தரவுத்தளப் பதிவேட்டைப் பார்த்தபோது, மூன்று கூடங்களின் பரிசோதனை அறிக்கைகள் முழுவதும் ஏற்கெனவே வெளியே போயிருந்தன.

மேனேஜர் அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்த மெஷினுக்கு எல்லாரும் ஒரே லாகின்தானே?"

"ஆமா சார்."

"அப்ப யார் அந்த வரியச் சேர்த்தாங்கன்னு தெரியாது. போன மாசம் காண்ட்ராக்ட் முடிஞ்சு போனாரே, அவர்னு அறிக்கையில எழுதிடுங்க. அவர் இனிமே இங்க வரப் போறதில்ல."

"அவர் வேற வேலை தேடிட்டு இருக்கார் சார்."

"உங்களுக்கு வேலை வேணாமா?"

அவள் மேசைக்குத் திரும்பி நடந்ததை விளக்கும் அறிக்கையில் தன் பெயரையே எழுதினாள். மேனேஜருக்கும் அவருக்கு மேலிருந்தவர்களுக்கும் சேர்த்தே அனுப்பினாள். வேலை போவதைவிட அவளுக்குப் பயம் வேறொன்றைப் பற்றியது. பறிபோன மூன்று கூடங்களில் ஒன்றில்தான் அவள் அக்கா தன் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுத்திருந்தாள்.

அக்கா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். கல்லீரலில் தொற்று இருப்பது தங்கைக்கு மட்டும்தான் தெரியும். தொட்டால் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் குழந்தைகளைப் பெற்றவர்களிடம் அதை யார் போய் விளக்குவது?

பத்தாம் நாள் அறிக்கைகள் நோயாளிகளின் பெயரோடு இணையத்தில் வந்தன. அடுத்த வாரம், அதில் அக்காவின் பெயரைப் பார்த்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி காப்பகத்துக்குப் போன் செய்தாள். அக்காவைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் தங்கைக்கும் வேலை போயிருந்தது. காலை பத்து மணிக்கு இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்படித்தான் வெளிய போச்சோ," என்றாள் அக்கா.

"என்னாலதான்க்கா." தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. வட்டு நிரம்பியது முதல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து தட்டுகளைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்தவை அவை.

"நீதான்னு எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்," என்றாள் திரும்பாமல். "இப்ப யார் மேல கோவப்படுறது?"

இரண்டு வாரம் அவசியமானதைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. காப்பகத்திலிருந்து கூப்பிடவும் இல்லை. ஒரு மதியம் அக்கா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ராஜினாமா எழுதணும். எனக்கு வார்த்தை வரல. எழுதிக் குடு."

"வேணாம்க்கா, அவங்களே கூப்பிடுவாங்க."

"காப்பக வாசல்ல என்னப் பார்த்ததும் பிள்ளைங்களத் தூக்கிட்டுத் தள்ளிப் போறாங்க. போயிப் பார்த்துட்டுதான் வரேன்."

காரணம் என்ன போடுவது என்று தங்கை கேட்டாள்.

"சொந்தக் காரணம்னு போடு."

அப்படியே எழுதினாள். அக்கா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.