தயாளன் அழைக்கிறார்

குடியிருப்போர் சங்க அறையின் சுவரில் மாட்டியிருந்த விலாசப் பலகையைச் செயலாளர் குமரேசன் படமெடுத்து அனுப்பியபோது மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. முடிச்சூரில் மழையை யாரும் மழை என்று மட்டும் பார்ப்பதில்லை. ஏரி எவ்வளவு நிரம்பியது, ஆற்றில் எவ்வளவு திறக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். குமரேசன் பெரும்பாக்கத்தில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். பலகையில் உள்ள அத்தனை பேரையும் கைப்பேசியில் ஏற்றிவிட்டால் யார் கூப்பிட்டாலும் பெயர் தெரியும், விலாசமும் கூடவே வரும், முதல் மாடியில் இருக்கிற கோகிலவாணி மேடம்தான் செய்து தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கோகிலவாணி பள்ளி அலுவலகத்தில் கணினியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் படம் கோணலாக இருந்தது. மின்விளக்கின் ஒளி வேறு நடுவில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. படத்தில் உள்ள எழுத்தை எடுத்துத் தரும் செயலியில் முழுப் பலகையையும் கொடுத்தால் பெயரும் எண்ணும் தெருவும் ஒன்றோடொன்று கலந்து வந்தன. ஆகவே படத்தை மூன்றாக வெட்டினாள். பெயர்ப் பத்தி தனி, எண் பத்தி தனி, விலாசப் பத்தி தனி. ஒவ்வொன்றின் எழுத்தையும் எடுத்து, கணினியில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினாள். எண்களின் நடுவே இருந்த இடைவெளிகளை நீக்கினாள். தரைவழி எண்களின் முதல் பூஜ்யம் விழுந்துவிடாமல் அந்தப் பத்தியை எழுத்தாக மாற்றி வைத்தாள். மேலே மூன்று தலைப்பு: பெயர், தொலைபேசி, விலாசம். மூன்று பத்தியிலும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தது. முதல் ஆளைப் பலகையோடு ஒப்பிட்டாள், சரி. கடைசி ஆளையும் ஒப்பிட்டாள், அதுவும் சரி. பிறகு கைப்பேசியில் ஏற்றினாள்.

பலகையில் அவள் கணவர் தயாளன் பெயரும் இருந்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் தலைவர் காலமானால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெயரின் மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். எண்ணையும் விலாசத்தையும் விட்டுவிடுவார்கள், அந்த வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்களே. ராஜகோபால் பெயரின் மேல் அப்படித்தான் ஒட்டியிருந்தது. தயாளன் பெயரின் மேல் ஒட்ட வந்தபோது கோகிலவாணி வேண்டாம் என்றுவிட்டாள். கொரோனா முடிந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பெயர் திறந்தே இருந்தது. இப்போது அது அவளுடைய கைப்பேசிக்குள்ளும் போய்விட்டது. நீக்கலாமா என்று விரல் ஒருகணம் நின்றது. நீக்கவில்லை.

மறுநாள் காலை தெருவில் தண்ணீர். கேட்டின் கீழ்க் கம்பி வரை இருந்தது, காபி குடித்து முடிப்பதற்குள் பூட்டைத் தொட்டுவிட்டது. கடலோரக் குப்பத்திலிருந்து படகோடு ஆட்களை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களை முதலில் எடுக்கவேண்டும் என்று கோகிலவாணி தன் பட்டியலை அந்தப் படகின் கோபுவுக்கு அனுப்பினாள். உதவிக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தியும் போட்டாள். அதன் பிறகு கைப்பேசி ஓயவில்லை. பெயர் வரும், விலாசம் பார்ப்பாள், கோபுவுக்குச் சொல்வாள்.

கோபு ஒவ்வொரு வீடாகப் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னான். பொன்னுசாமி வீட்டைப் பற்றியும் சொன்னான்.

"பன்னெண்டாம் நம்பர் பூட்டிக் கீதுக்கா. வெளிப்பூட்டு. நாங்க கத்திப் பார்த்துட்டோம், ஒரு சத்தமும் இல்ல."

பொன்னுசாமியைக் கோகிலவாணிக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. பின்தெருக்காரர்; பக்கவாதம் வந்தபின் வெளியே வருவதில்லை என்று கேள்வி. மகள் வந்து அழைத்துப் போயிருப்பாள் என்று நினைத்து, பத்திரமானவர்களுக்குப் போடும் பச்சையை அந்த வரிக்கும் போட்டாள்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. திரையில் தயாளன் என்று இருந்தது.

அவள் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. பயம் என்று சொல்லமுடியாது. நெஞ்சுக்குள் யாரோ பலகையை நகர்த்துவது போல இருந்தது. பிறகு அறிவு வேலை செய்தது. அவருடைய எண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டு எவ்வளவோ காலமாயிற்று. அப்படிப்பட்ட எண்களைக் கம்பெனிக்காரர்கள் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எவனோ கூப்பிடுகிறான். தவறிக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் எவனோ ஒருவன் இத்தனை பேரில் தன்னையா கூப்பிடவேண்டும்?

திரும்பவும் வந்தது. இந்த முறை எடுத்தாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். வாளிக்குள் விழுகிற சத்தமில்லை. ஒரு அறைக்குள் தண்ணீர் சுவரில் மோதித் திரும்புகிற சத்தம். அதற்கு மேலே மூச்சு. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கிற மூச்சு. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உள்ளே யாரையும் விடாத நாட்களில், முகமூடி மாட்டிய வாயோடு தயாளன் அவளைக் கூப்பிடுவார். பேச வராது. அவள்தான் பேசுவாள். மகள் தமிழினி இன்று என்ன சமைத்தாள், எதிர்வீட்டில் என்ன சண்டை, எல்லாம் சொல்லி முடித்து, கேட்குதா என்பாள். அதற்கு ஒரு ம் வரும். கடைசி அழைப்பிலும் அதுதான் வந்தது.

"யாருங்க?" என்றாள்.

மூச்சு.

அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது அடுத்த வார்த்தை.

"ஏங்க."

"ம்," என்றது அந்தப் பக்கம்.

அழைப்பு அறுந்தது. கோகிலவாணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டப்பகல். கீழே தண்ணீரில் யாருடைய செருப்போ, ஒரு பிளாஸ்டிக் குடமோ மிதந்து போயின. சமையலறையில் இருந்த தமிழினி யாரும்மா என்று கேட்டதற்கு ராங் நம்பர் என்றாள். சொன்னதும் அவளுக்கே குற்றம் செய்தது போல இருந்தது. அவரைப் போய் ராங் நம்பர் என்கிறோமே.

அவர்தான் என்று ஒரு மனம் சொல்லியது. அவர் இல்லை என்று மற்றொரு மனம் சொல்லவே இல்லை, அதுதான் விசித்திரம். அவள் திருப்பிக் கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டு, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற பெண்குரல் வந்துவிட்டால்? வராமல் போனால்? எது அதிகப் பயம் என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மூன்றாம் முறை மணி அடித்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

எண்ணையாவது பார்ப்போம் என்று பெயரின் மேல் விரலை வைத்தாள். பெயருக்குக் கீழே எண் விரிந்தது.

அது தயாளனின் எண் இல்லை.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவர் போனபின் முதல் வருஷம் அதையே அழுத்திக்கொண்டிருக்கிறாள் என்று தமிழினிதான் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டாள். விரலுக்கு மறக்கவில்லை. இது வேறு எண். இன்னும் கீழே விலாசம் இருந்தது: 14, மூன்றாம் குறுக்குத் தெரு. அவர்கள் வீடு பதினாறு, அதுவும் முன்தெரு.

கோகிலவாணி எழுந்து கணினியில் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்தாள். பலகையில் பதினான்காம் நம்பர் வீட்டுக்கு நேரே இருந்த பெயர் பொன்னுசாமி. தன் பட்டியலில் பொன்னுசாமிக்கு நேரே இருந்தது பன்னிரண்டு. அது எலியேசர் வீடு. எலியேசர் குடும்பம் நாகர்கோவிலுக்குப் போயிருப்பது ஊருக்கே தெரியும். எலியேசரின் பெயரோ ராஜகோபால் வீட்டுக்கு நேரே உட்கார்ந்திருந்தது.

ராஜகோபால் பெயரின் மேல் ஒட்டிய வெள்ளைக் காகிதம். தனியாக வெட்டிய பெயர்ப் பத்தியில் அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைச் செயலி ஒரு வரியாக எடுக்கவில்லை. கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். இறந்தவரின் இடத்துக்கு எலியேசர், எலியேசரின் இடத்துக்குப் பொன்னுசாமி, பொன்னுசாமியின் இடத்துக்குத் தயாளன். அதற்கடுத்த புஷ்பலதா வினோத்குமாரின் பெயர் நீளமென்று பலகையில் இரண்டு வரியாக மடக்கியிருந்தார்கள். செயலிக்கு அது இரண்டு பேர். விட்டுப்போன வரி அங்கே நிரம்பிவிட்டது. அதற்குக் கீழே எல்லாம் சரியாகிவிட்டது. அதனால்தான் எண்ணிக்கை பொருந்தியது. முதல் ஆளும் கடைசி ஆளும் சரியாக இருந்தார்கள். நடுவில் மட்டும் ஆட்கள் இடம் மாறி நின்றார்கள்.

பச்சை வரியைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவரைக் காப்பாற்றியாயிற்று என்று தானே குறித்துவைத்த பச்சை.

கோபுவைக் கூப்பிட்டாள். படகின் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தவேண்டியிருந்தது.

"தம்பி, பன்னெண்டு இல்ல. பதினாலு. பொன்னுசாமி வீடு பதினாலு. உள்ளதான் இருக்காரு, பேச வராது அவருக்கு. நான் தப்பா குடுத்துட்டேன்."

"பதினாலா? இன்னாக்கா நீ, அந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தி, இப்பதான் தாண்டி வந்தோம்," என்றவன் சற்று நிறுத்தி, "சரி, திருப்பறோம். நீ அவரண்ட பேசிகினே இரு, தூங்க வுடாத," என்றான்.

அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டாள். திரையில் தயாளன் என்று எழுந்தது. மணி நெடுநேரம் அடித்தது. எடுக்கப்பட்டபோது தண்ணீர்ச் சத்தம் மிக அருகில் இருந்தது.

"பொன்னுசாமி சார், படகு வருது. கட்டில் மேல ஏறிட்டீங்களா?"

"ம்."

"போனை மட்டும் விட்றாதீங்க."

அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் பேசியதைத்தான் பேசினாள். இன்று தமிழினி உப்புமா கிண்டினாள், அடிப்பிடித்துவிட்டது. எதிர்வீட்டு மாடியில் நாயை ஏற்றி வைத்திருக்கிறார்கள், அது தண்ணீரைப் பார்த்துக் குரைக்கிறது. கேட்குதா? ம். தமிழினி சமையலறை வாசலில் வந்து நின்று, திரையில் இருந்த பெயரையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோகிலவாணி அவளைக் கையமர்த்திவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை ம் வரவில்லை. பெயரை உரக்கச் சொன்னாள், பொன்னுசாமி என்று, மறுபடியும் பொன்னுசாமி என்று. யாரோ கதவை உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கோபுவின் குரல், தாத்தா, கையக் குடு என்று.

அவரை இவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். மாடியென்று பார்த்தால் அதுதான் பக்கம். இரண்டு பேர் சேர்ந்து படியேற்றினார்கள். உடம்பு விறைத்துப்போயிருந்தது. மாற்றுத் துணி வேண்டுமென்று தமிழினி பீரோவைத் திறந்தாள், அதில் ஆண்பிள்ளைத் துணி ஒருவருடையதுதான் இருந்தது. வேட்டியும் கட்டம் போட்ட சட்டையும் அவருக்கு அளவாகவே இருந்தன. சூடாகக் கஞ்சி கொடுத்தார்கள். அவர் சோபாவில் உட்கார்ந்து, நல்ல கையில் தன் கைப்பேசியை விடாமல் பிடித்திருந்தார்.

கோகிலவாணி பட்டியலைச் சரிசெய்து மறுபடி கோபுவுக்கு அனுப்பினாள். ராஜகோபால் வரியில் மனைவி கங்கையம்மாளின் பெயரை எழுதி நிரப்பினாள். புஷ்பலதாவை ஒரே ஆளாக்கினாள். தன் கைப்பேசியில் மட்டும் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

அவள் டம்ளரை எடுக்கக் குனிந்தபோது கைப்பேசி அடித்தது. தயாளன்.

நிமிர்ந்து பார்த்தாள். தயாளனின் சட்டையில் அவர் எதிரே உட்கார்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் தண்ணீருக்குள் இருப்பதாக நினைக்கிறாரோ என்னவோ. படகு வரும்வரை பேசிய குரலைத் தேடுகிறார். தமிழினி, எடுக்காதேம்மா என்பது போலத் தலையசைத்தாள்.

கோகிலவாணி எடுத்துக் காதில் வைத்தாள். அந்த மூச்சு அறையிலும் கேட்டது, சற்றே பின்தங்கிக் காதுக்குள்ளும் கேட்டது.

"பொன்னுசாமி சார்," என்றாள். "இங்கதான் இருக்கேன். எதிர்ல."

அவர் திரும்பவில்லை.

"ம்," என்றார், கைப்பேசிக்குள்.

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. காதில் வைத்தபடியே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மழை விட்டதையும் நாய் குரைப்பதை நிறுத்திவிட்டதையும் மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.