நான்காவது கணக்கு

பென்னலூர் விடுதியில் எங்கள் அறைக்கு நான்கு கட்டில், ஆள் மூன்று பேர். பழைய கேம் கன்சோல் ஒன்று விலைக்கு வந்தபோது கங்காவுக்கும் எழிலரசிக்கும் கடிதம் எழுதி அலமாரியில் ஒட்டினேன். வாயால் சொன்னால் இரண்டு பேரும் காதிலேயே வாங்க மாட்டார்கள்.

"விலை பதினெட்டாயிரம். ஆளுக்கு ஆறாயிரம் போட்டால் மூவருக்கும் சொந்தம். கன்சோலில் அவரவர் பெயரில் தனிக் கணக்கு. நாளுக்கு ஒரு மணி நேரம்தான். ஆடி முடித்தவள் கன்ட்ரோலரைத் துடைத்து சார்ஜில் போட வேண்டும். விடுதியை விட்டுப் போகிறவளின் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்வோம்."

சம்மதித்தார்கள், வாங்கினோம். ஒரு வாரம் கழித்து, யார் எவ்வளவு நேரம் ஆடினோம் என்று கன்சோலில் பார்த்தேன். மூவருமே விதியை மீறியிருந்தோம். நான்காவதாகப் பெயரில்லாத ஒரு கணக்கு, சரியாக ஏழு மணி நேரம்.

"எவடி இது?" என்று கத்தினேன்.

"பழைய ஓனரோடதா இருக்கும்" என்றாள் எழிலரசி.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுதானடி ஆரம்பிச்சோம்" என்றாள் கங்கா.

மறுநாள் நானே அறையைப் பூட்டி, சாவியோடு வகுப்புக்குப் போனேன். மதியம் மூவரும் சேர்ந்துதான் திறந்தோம். காலையில் என் மெத்தையில் நான் வீசிவிட்டுப் போன கன்ட்ரோலர், காலிக் கட்டிலின் மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பளிச்சென்று துடைத்திருந்தது.

எங்களில் ஒருத்திகூட அதை ஒருநாளும் துடைத்ததில்லை.