விசிறி நின்ற வீடு

கார்த்திகை மாதத்தில் கடலோர மணமேல்குடியின் காற்றே நனைந்த துணி போலத்தான் இருக்கும். குளியலறை விசிறிக்கு ரஞ்சிதா பொருத்திய கருவி, ஈரப்பதம் எழுபத்தைந்தைத் தாண்டினால் விசிறியைப் போட்டுவிடும். வெளிக்காற்றே எண்பத்தைந்தில் நின்றதால் விசிறி நிற்கவே இல்லை. ஹாலை ஒட்டிய குளியலறை, கழிப்பறையும் அதற்குள்ளேயே. இரவும் பகலும் இரைச்சல்.

"ஒன் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுக்கிறியா?" என்று கணவன் வெற்றிசெல்வன் கேலி செய்தான்.

அது உறைத்தது. அவள் புரோகிராமை மாற்றி எழுதினாள். ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று இனிக் கருவி பார்க்காது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கும். மழைக்காற்றில் ஈரம் மணிக்கணக்கில் மெல்ல ஏறும். வெந்நீரில் குளித்தால் ஓரிரு நிமிடத்தில் குபீரென்று ஏறும். ஒரு நிமிடத்தில் மூன்று புள்ளி ஏறினால் விசிறி ஓடும். ஈரம் பழைய அளவுக்கு அருகே இறங்கியதும் நிற்கும்.

வீடு அமைதியானது. "இப்பத்தான் டிவி சத்தமே காதுல விழுது," என்றான் வெற்றிசெல்வன். மாமனார் சேவுகன் மட்டும் குளியலறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் சட்டையைத் தேய்த்துத்தான் போடுவார்.

சில நாளில், யாரும் குளிக்காத நேரத்தில் விசிறி ஓடத் தொடங்கியது. ஒருநாள் அப்படி ஓடியபோது, மாமா வெளியே வந்த பிறகு ரஞ்சிதா உள்ளே போய்ப் பார்த்தாள். வாளி நிறைய வெந்நீர் ஆவி பறக்க நின்றது. ஒரு குவளைகூட எடுத்திருக்கவில்லை.

"மாமா, வெந்நியத் தொறந்து விட்டுட்டு அப்படியே வந்துர்றீங்களா? கருவி ஏமாந்துபோகுது," என்றாள், காபி கொடுத்துக்கொண்டே.

"காலு கழுவலாம்னு பிடிச்சேன்த்தா," என்றார். தம்ளரைப் பார்த்தபடியே குடித்தார்.

கல்லூரி ஆய்வகத்தில் பிழை திருத்துவதுபோலவே திருத்தினாள். வாளியில் பிடிக்கும் வெந்நீருக்கு நான்கைந்து புள்ளிதான் ஏறியது. முழுக் குளியலுக்குப் பத்துக்கு மேல். மூன்றை எட்டாக்கினாள். இனி வாளிக்கு விசிறி ஓடாது. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்கே ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் புவனேஸ்வரியும் அவள் கணவர் வீரய்யாவும் வந்தார்கள். எல்லாரும் ஹாலில் இருந்தபோது மாமா குளியலறைக்குள் போனார். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு குழாய் நின்றது. விசிறி ஓடவில்லை. அதற்கு மேல் அடக்க முடியாத வயிற்றின் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

அவர் வெளியே வந்ததும் வீரய்யா, "என்ன மாமா, பழைய டவுன் பஸ்ஸு ரைட்டு குடுக்கிறதுக்கு முன்னாடியே கெளம்பிருச்சு?" என்றார்.

"சும்மா இருங்க," என்று புவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெற்றிசெல்வன் சிரித்தான். ரஞ்சிதாவும் சிரித்தாள். மாமாவும் சிரிக்கத்தான் செய்தார். கை மட்டும் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியலில் பால் வாங்கப் போனபோது பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை வாசலில் அவரைப் பார்த்தாள். மீன்கூடைக்காரர்களுக்கு நடுவே, தேய்த்த சட்டையோடு வரிசையில் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் புறப்படும் பஸ் எதையோ தேடுவதுபோல அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. நிற்காமல் ஓடிய அந்த இரைச்சல் அவருக்கு ஒரு சுவராக இருந்திருக்கிறது. அதை அவள் இடித்தாள். அவர் வெந்நீரைக் கொண்டு மறுபடி எழுப்பிக்கொண்டார். அதையும் கணக்குப் போட்டு இடித்தாள். பிறகு சிரித்தாள். பால் பாக்கெட் கையில் குளிர்ந்தது, முகம் எரிந்தது.

அன்று கல்லூரிக்கு விடுப்பு சொன்னாள். குளியலறை விளக்கைப் போட்டாலே விசிறியும் ஓடும்படி வயரை மாற்றினாள். விளக்கு அணைந்த பிறகு ஆவி மிச்சமிருந்தால், அது இறங்கும்வரை கருவி பார்த்துக்கொள்ளும். விசிறிக்கென்று தனி சுவிட்ச் வைக்க முதலில் நினைத்தாள். அதை அழுத்துவதே ஊருக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

"மறுபடியும் சத்தமா?" என்றான் வெற்றிசெல்வன்.

"உப்புக்காத்துல சென்சார் சரியா வேலை செய்யலை," என்றாள். மாமா பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

இரண்டு நாள் அவர் விடியலில் வெளியேதான் போனார். மூன்றாம் நாள் குளியலறை விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது. ரஞ்சிதா அடுப்பைக் குறைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். கதவருகே நின்று காது கொடுத்துக் கேட்டாள். வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை. சரியாகிவிட்டது என்று மூச்சு விட்டபோதுதான், தான் எங்கே நின்று எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. கொலுசு குலுங்காமல், ஒவ்வொரு அடியாக, சமையலறைக்குத் திரும்பினாள்.