பதினேழும் பத்தொன்பதும்

பீளமேட்டில் ஒரே ஐப்பசியில் இரண்டு பேருக்கு மாரடைப்பு வந்தது. ஒருவர் நூல்மில் முதலாளி பாலகோபால். இன்னொருவர் அதே மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த வேலுமணி. மில்லில் ஒரே வாசல் வழியாகக்கூட நுழையாதவர்கள், தொண்ணூற்றேழு மார்கழியில் ஒரே ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

முழங்கால் வலிக்காக நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். காலில் சூட்டு ஒத்தடம் வைத்து அரை மணி நேரம் படுக்கப் போடுவார்கள். காதுக்கு ஒத்தடம் கிடையாதே, அது தன் வேலையைப் பார்த்தது.

இருவரையும் வழக்கமான மாத்திரையை நிறுத்தாமலே டிரெட்மில்லில் நடக்கவைத்து, இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைந்து எடுத்திருந்தார்கள். அதை வைத்துப் பயிற்சியாளர் கிருபா ஆளுக்கொரு எல்லை போட்டாள்.

"நடந்து நின்ன உடனே நாடி பாருங்க. பத்து செகண்ட் எண்ணுங்க. உங்களுக்குப் பதினேழுங்க சார். அதாவது நிமிசத்துக்கு நூத்திரெண்டு. அதைத் தாண்டுச்சுன்னா வேகத்தைக் குறைச்சுப்போடுங்க."

"எனக்கு வலியே இல்லியே அம்மணி?" என்றார் பாலகோபால்.

"டெஸ்ட்லயும் வலிக்கலீங்க. ஆனா நூத்திப் பன்னெண்டுல ரத்தம் பத்தலைன்னு கோடு இறங்கிருச்சு. அதுக்குப் பத்து கம்மியாத்தான் வெச்சிருக்கோம். வலியை நம்பாதீங்க, எண்ணிக்கையை நம்புங்க."

வேலுமணிக்கு அந்தக் கோடு கடைசிவரை இறங்கவில்லை. அவருக்குப் பத்தொன்பது கொடுத்தாள். அவர் ஏதோ தப்பு செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முதலாளி அதற்குள் காருக்குப் போயிருந்தார்.

இதைச் சொல்லாமல் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பாலகோபால் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

"ஏனுங்க, வேலுமணிக்குப் பத்தொன்பதாமுங்க. தெரியுமுங்களா?"

"எது?"

"நாடிங்க. உங்களுக்குப் பதினேழுதானுங்களே."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "என் மில்லுல ஸ்பேனர் புடிச்சவனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, அதை இன்னும் நான்கு வீட்டில் சொன்னேன்.

மறுநாள் காலையில் லேஅவுட் மைதானத்தில் ஐயா வேட்டியை மடித்துக் கட்டி வேகமாக நடந்தார். நின்றார், மணிக்கட்டைப் பிடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பதினெட்டு!" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான்காம் நாள் பத்தொன்பது. மனைவி ரங்கம்மாள் எதிரே வீட்டு வாசலில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு எல்லை என்ன என்றே தெரியாது.

அதே மைதானத்தில் நடக்க வந்த வேலுமணிதான் பதறினார். "மொதலாளி, வேண்டாமுங்க. அது உங்க நம்பர் இல்லீங்க."

"வலிக்குதா எனக்கு? இல்லியே. நீ உன் நாடியைப் பாருப்பா."

ஐந்தாம் நாள் மூன்றாவது சுற்று. இருபது எடுத்துக் காட்டுகிறேன் என்று கிட்டத்தட்ட ஓடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் நின்று எண்ண ஆரம்பித்தார். எட்டு, ஒன்பது என்று உதடு அசைந்தது. பிறகு உதடு நின்றுவிட்டது. முகம் சாம்பல் நிறமாகி, வேர்வை ஊற்றி, அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

ஊர் முழுக்கப் பேசுகிற வாய்க்கு "ஐயோ" என்றுகூட வரவில்லை. வேலுமணிதான் ஓடிவந்து அவரைச் சாய்த்துப் பிடித்து, தன் பையிலிருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்.

"எந்திரிக்காதீங்க மொதலாளி. சென்னியக்கா, என்ன பாத்துட்டு நிக்கறீங்க? காரைக் கொண்டாரச் சொல்லுங்க!"

முழங்கால் வலி மறந்து ஓடினேன்.

இரண்டாவது அட்டாக். சின்னதுதான் என்றார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆறாவது நாள் வார்டு வாசலில் கிருபா ரங்கம்மாளிடம் பழைய காகிதச் சுருளை விரித்துக் காட்டியபோது, நானும் எட்டிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. பத்தொன்பது என்றால் நூற்றுப் பதினான்கு. நான்காம் நாளே அந்தப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டுதான் ஐயா எனக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

"அடுத்தவங்க நம்பரை இவருகிட்ட யாரு சொன்னது?" என்றார் ரங்கம்மாள்.

வேலுமணி தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார்.

"நான்தானுங்க," என்றேன்.

ரங்கம்மாள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வார்டுக் கதவைத்தான் திறந்துவிட்டார். உள்ளே போனேன். பாலகோபால் பாதி ஆளாகப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் மெதுவாகக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சென்னியம்மா, வேலுமணிக்கு மறு டெஸ்ட் எடுத்தாங்களாமே. இப்ப எத்தனை?"

இருபது. காலையில்தான் கிருபா எழுதியதைப் பார்த்தேன்.

"தெரியாதுங்க," என்றேன்.